காலி கேன் திரும்பும் கணக்கு
காஞ்சிபுரத்தில் ஒரு குடிநீர் ஆலைக்கான திட்டம்: தரச் சோதனை, விநியோக லைன், கேன் இழப்பு

இருபது லிட்டர் கேன் தண்ணீர் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது ஆர்.ஓ. இயந்திரத்தின் விலை. மணிக்கு ஆயிரம் லிட்டரா இரண்டாயிரமா, எந்த ஊர் மெம்பிரேன், மின்கட்டணம் எவ்வளவு வரும் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். வங்கிக்குப் போகும் திட்ட அறிக்கையிலும் பெரிய பத்தி இயந்திரத்துக்குத்தான். கேனுக்கு ஒரு வரி இருக்கும். 'கேன்கள், மூடிகள்' என்று ஒரு தொகையைப் போட்டு முடித்திருப்பார்கள். என் பார்வையில் இந்தத் தொழிலின் லாப நட்டமும் தண்ணீரின் தரமும் அந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கின்றன. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து காலி கேன் எப்போது வருகிறது, எந்த நிலையில் வருகிறது, வராமல் எங்கே போகிறது என்பதற்கு விடை தெரிந்தால்தான் ஆலை நிற்கும். காஞ்சிபுரத்தை வைத்து இதைப் பார்க்கக் காரணம் உண்டு. தறி ஓடும் வீடுகள், பட்டுக்கடை வீதி, கோயில், கல்யாண மண்டபம் என்று கேன் திரும்பும் விதம் தெருவுக்குத் தெரு மாறுகிற ஊர் அது.

தண்ணீர் எங்கிருந்து

காஞ்சிபுரம் பாலாற்றை நம்பிய ஊர். நகரத்தின் குழாய்த் தண்ணீரே ஓரிக்கை, திருப்பாற்கடல் பகுதிகளில் பாலாற்று மணலுக்கடியிலிருந்து எடுக்கப்படுவதுதான். தனியார் ஆலை போர் போட்டு எடுப்பதும் அதே படுகையின் நிலத்தடி நீர். ஆகவே திட்டத்தின் முதல் கேள்வி, அந்த இடத்தில் எடுக்க அனுமதி உண்டா என்பதே. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் நிலையைப் பிர்கா வாரியாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பிர்காவில் வணிகத்துக்குத் தடையின்மைச் சான்று கிடைக்காது. 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி, அனுமதி இல்லாமல் நிலத்தடி நீர் எடுத்த கேன் தண்ணீர் ஆலைகளுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் அப்போதுதான். இயந்திரம் வாங்கி, கட்டடம் எழுப்பிவிட்டுப் பிறகு சான்றுக்கு அலைந்தவர்களே அன்றைக்கு அதிகம் அடிபட்டார்கள். நிலம் வாங்குவதற்கு முன்பே பிர்காவின் வகையைக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்தது போர் தண்ணீரின் முழு ரசாயனப் பரிசோதனை. பாலாற்றின் மேல்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் ஆலைகள் இருக்கின்றன. அவற்றின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் கொடுத்த தீர்ப்பு நாடறிந்தது. காஞ்சிபுரம் அதற்குக் கீழே இருக்கிறது. அதனால் இங்கே போரில் குரோமியம் உண்டு என்று சொல்லிவிட முடியாது. பார்க்காமல் விடவும் முடியாது. நகரத்துக்குள் இடம் பார்ப்பவர்கள் பக்கத்தில் சாயம் போடும் இடங்கள் இருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். குளோரைடு, நைட்ரேட், ஃபுளோரைடு, கடினத்தன்மை, கன உலோகங்கள், பூச்சிக்கொல்லி எச்சம் ஆகியவற்றைக் கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் பார்த்தால்தான் அந்தப் போரின் குணம் பிடிபடும். மழைக்குப் பின் எடுத்த ஒரே அறிக்கையை வைத்து ஆர்.ஓ. அமைத்தவர்கள், மே மாதத்தில் உப்பு ஏறியதும் மெம்பிரேன் அடைத்துக்கொள்கிறது என்று தவிப்பது வழக்கம்.

பூச்சிக்கொல்லி எச்சம் இந்தப் பட்டியலுக்குள் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், கடைகளில் விற்ற பாட்டில் தண்ணீரில் பூச்சிக்கொல்லி இருப்பதைச் சோதித்து வெளியிட்டது. அதன் பிறகுதான் வரம்பு இறுகியது. தனியொரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்தச் சோதனையைச் சிறிய ஆலை தன் அறையில் செய்ய முடியாது. அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடைக்கப்பட்ட குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 14543. ஐ.எஸ்.ஐ. முத்திரை 2001 மார்ச்சில் கட்டாயமானது. 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கட்டாயத்தைத் தன் விதிகளிலிருந்து நீக்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவுகளின் வரிசையில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வும் மூன்றாம் தரப்புத் தணிக்கையும் தேவை என்றது. முத்திரை போனதால் சோதனை தளர்ந்தது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். அது தவறு. தரத்தின் வரம்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்குப் பொறுப்பு இப்போது இன்னும் நேரடியாக ஆலைக்காரர் தலையில் விழுந்திருக்கிறது.

ஆய்வறிக்கை வருமுன் குடித்து முடித்த தண்ணீர்

தரச் சோதனையில் மிகப் பெரிய சிக்கல் காலம். உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் நொடியில் சொல்லிவிடும். காரத்தன்மையும் மீதக் குளோரினும் சில நிமிடங்களில் தெரியும். கிருமிகளுக்கு அப்படி அவசரம் காட்ட முடியாது. கோலிஃபார்ம் இல்லை என்று சொல்ல ஒன்று முதல் இரண்டு நாள், சூடோமோனாஸ் எருஜினோசா இல்லை என்று சொல்ல இரண்டு நாள், ஈஸ்ட்டும் பூஞ்சையும் இல்லை என்று சொல்ல ஐந்து நாள் பிடிக்கும். தரம் கேட்பதோ கண்டிப்பானது: ஈ.கோலை, கோலிஃபார்ம், சூடோமோனாஸ் ஆகிய ஒவ்வொன்றும் 250 மில்லி மாதிரியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. காலையில் நிரப்பிய கேன் மதியம் வீட்டுக்குப் போய்விடுகிறது. நாளை மறுநாள் அறிக்கை வரும்போது பாதி கேன் காலியாகியிருக்கும். அந்த அறிக்கை கோப்பில் இருப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

இதற்கு இரண்டு வழிதான். ஒன்று, நிரப்பிய கேனை இரண்டு நாள் ஆலையிலேயே நிறுத்திவைத்து, முக்கியமான கிருமிச் சோதனைகள் தேறிய பிறகு வண்டியில் ஏற்றுவது. இன்னொன்று, நிரப்பும் நேரத்தில் உடனே அளக்கக்கூடியவற்றை விடாமல் அளந்து, அவை வரம்புக்குள் இருந்தால் மட்டும் அனுப்புவது. நிரப்பும் குழாயில் ஓசோன் எவ்வளவு மீந்திருக்கிறது, ஆர்.ஓ.வுக்குப் பின் டி.டி.எஸ். ஏறுகிறதா, யு.வி. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பவை அவை. முதல் வழிக்குக் கேன் அதிகம் வேண்டும், இடமும் வேண்டும். இரண்டாவதற்கு ஒழுங்கு வேண்டும். புதிதாகத் தொடங்கும் ஆலை முதல் சில மாதமாவது முதல் வழியில்தான் போக வேண்டும் என்பது என் கருத்து. தன் ஆலை எங்கே கெடும் என்று இன்னும் தெரியாதவர், உடனடி அளவுகளை நம்பி அனுப்பக் கூடாது.

ஓசோனைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்தின் வெயிலோடு அதற்கு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. குளோரின் தண்ணீரில் தங்கும், ஓசோன் தங்காது. சூடு ஏற ஏற வேகமாகச் சிதையும். மார்கழியில் தொட்டியிலிருந்து நிரப்பும் குழாய் வரை தாக்குப்பிடித்த ஓசோன், மே மாத மதியத்தில் பாதி வழியிலேயே கரைந்துவிடலாம். ஓசோன் கேனுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் கேனின் உட்சுவரும் மூடியின் உட்புறமும் கூடச் சுத்தமாகும். ஆகவே தொட்டியில் அளந்து திருப்திப்படுவதில் பயன் இல்லை. நிரப்பும் வாயில் அளக்க வேண்டும். குறைகிறதே என்று அளவில்லாமல் ஏற்றினாலும் ஆபத்து. தண்ணீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக மாற்றும். அதற்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு.

இன்னொரு பொதுவான தவறு, டி.டி.எஸ். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல தண்ணீர் என்ற நம்பிக்கை. வாடிக்கையாளரே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இருபதா முப்பதா என்று மகிழ்கிறார். விதிப்படி டி.டி.எஸ். லிட்டருக்கு 75 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 500-ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும். முப்பது காட்டும் கேன் விதியை மீறிய கேன்.

சரி, கிருமிச் சோதனை தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கே கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பல ஆலைகள் மாதிரியை நிரப்பும் குழாயில் மட்டும் எடுக்கின்றன. அது சுத்தமாக வரும். ஆலைக்காரரும் தன் தண்ணீரில் குறை இல்லை என்று உறுதியாக நம்புவார். மூன்று இடத்தில் எடுத்தால்தான் காரணம் தெரியும். ஆர்.ஓ.வுக்குப் பின்னுள்ள தொட்டியில் ஒன்று, நிரப்பும் குழாயில் ஒன்று, நிரப்பி மூடி மூன்று நாள் அறையில் வைத்திருந்த கேனிலிருந்து ஒன்று. தொட்டியிலேயே எண்ணிக்கை அதிகம் என்றால் கார்பன் ஃபில்டரிலோ தொட்டிச் சுவரிலோ கிருமி படலமாகக் குடியேறியிருக்கிறது. கார்பன் குளோரினை உறிஞ்சிவிடுவதால் அதற்குப் பின்னால் எல்லா இடமும் கிருமிக்கு வசதியான இடம். தொட்டி சுத்தம், குழாயில் மட்டும் சூடோமோனாஸ் என்றால் குழாய் வாயையும் ரப்பர் வாஷரையும் கழற்றிப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் சுத்தமாக இருந்து, மூன்று நாள் நின்ற கேனில் மட்டும் கிருமி தென்பட்டால், குற்றம் இயந்திரத்தின் மேல் இல்லை. கேனில் அல்லது மூடியில் இருக்கிறது.

அதை உறுதிசெய்ய எளிய சோதனை இருக்கிறது. கழுவி நிரப்பத் தயாராக நிற்கும் கேன்களிலிருந்து சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் கிருமி நீக்கிய தண்ணீர் 250 மில்லி ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி குலுக்கி, அந்தத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். கைப்பிடி உள்ள கேன்களையும் இல்லாதவற்றையும் தனித்தனியாக. கைப்பிடி உள்குடைவாக இருக்கும் கேனில் பிரஷ் எட்டாத ஒரு பொந்து உண்டு. அழுக்கு அங்கேதான் தங்கும். இப்படித் தேடிப் போகும்போது பல இடங்களில் காரணம் வந்து நிற்பது இயந்திரத்தில் அல்ல, திரும்பி வந்த கேனில்.

ஒரு கேன் திரும்பி வருகிறது

காலி கேன் வண்டியிலிருந்து இறங்கியதும் கழுவும் இடத்துக்கு நேராகப் போகக் கூடாது. முதலில் ஒருவர் அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்க வேண்டும். கழுத்துப் பக்கம் மயிரிழைக் கீறல் இருக்கிறதா, அடியில் பச்சை படர்ந்திருக்கிறதா என்று. வெயிலில் நின்ற கேனில் பாசி பிடிக்கும்; அதற்குச் சில நாள் மொட்டைமாடி போதும். பிறகு மூக்கை வாயில் வைத்து முகர வேண்டும். மண்ணெண்ணெய், டீசல், பினாயில், சோப்பு எதையாவது அந்தக் கேனில் ஒருமுறை ஊற்றிவைத்திருந்தால் வாசனை பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் போகாது. காஞ்சிபுரத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: உட்புறத்தில் சாயக் கறை. முகரும் ஆளுக்கு ஜலதோஷம் என்றால் அன்று வேறு ஆளை நிறுத்த வேண்டும். எந்தக் கருவியும் அவர் இடத்தை நிரப்பாது.

மூடியோடு திரும்பிய கேனும் மூடியில்லாமல் திரும்பிய கேனும் ஒன்றல்ல. மூடி இருந்தால் உள்ளே தூசியும் பூச்சியும் வெளியிலிருந்து வரும் அழுக்கும் குறைவு. மூடி இல்லாமல் முற்றத்தில் கிடந்ததை முதலில் தனியாக ஊறவைத்துத்தான் கழுவ முடியும்.

கழுவும் முறையைக் கேனின் பிளாஸ்டிக்தான் தீர்மானிக்கிறது. பாலிகார்பனேட் கேன் சூடு தாங்கும், ஆனால் கடுமையான காஸ்டிக் சோடா அதன் உட்சுவரை அரிக்கும். கொஞ்ச நாளில் மங்கலாகி, கழுத்தில் வெடிக்கும். பெட் கேன் விலை குறைவு, ஆனால் சூடான தண்ணீரில் கோணலாகிவிடும். பெட் கேனைச் சுடுநீரில் கழுவாமல், காஸ்டிக்கிலும் கழுவாமல், வெறும் தண்ணீரில் அலசி நிரப்புவதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிகப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். பெட் கேன் வாங்குகிறவர் மிதமான சூட்டில் வேலை செய்யும் சோப்பையும் அதற்குப் பின் கிருமிநாசினியையும் கணக்கில் சேர்த்தே வாங்க வேண்டும். இரண்டு வகையையும் ஒரே தொட்டியில் கழுவக் கூடாது.

லைன்

கேன் வியாபாரத்தில் விநியோகப் பாதைக்கு லைன் என்றுதான் பெயர். லைன் போடும்போது முதலில் வண்டியின் தாங்கும் சக்தியைப் பார்க்க வேண்டும். நிறைகேன் ஒன்று இருபது கிலோ தண்ணீர், முக்கால் கிலோ பிளாஸ்டிக். நம் ஊரில் குட்டி யானை என்று அழைக்கப்படும் சிறிய லோடு வண்டி சட்டப்படி தூக்கக்கூடியது சுமார் 750 கிலோ. அதாவது முப்பத்தைந்து கேன். சாலையில் அதே வண்டியில் அறுபது எழுபது கேன் அடுக்கிப் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். பிரேக் பிடிக்காமல் போவது ஒரு ஆபத்து. கீழ் அடுக்குக் கேன்களின் கழுத்தில் விழும் கீறல் இன்னொன்று. அந்தக் கீறல் மூன்று வாரம் கழித்து ஒழுகும் கேனாக வாடிக்கையாளர் வீட்டில் தெரியும். தார்ப்பாய் இல்லாமல் வெயிலில் போனால் ஓசோனும் போகும், பாசிக்கும் வழி திறக்கும்.

நாளொன்றுக்கு 300 கேன் என்று ஒரு ஆலையை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரத்தில் லைன் போட்டுப் பார்ப்போம். முப்பத்தைந்து வீதம் ஒன்பது நடை. இரண்டு வண்டி வேண்டும்.

பிள்ளையார்பாளையம் பகுதி தறிக்காரர் தெருக்கள். தறி வீட்டிலேயே ஓடுவதால் பகல் முழுவதும் வீட்டில் ஆள் இருக்கும். காலி கேன் கேட்டால் உடனே கிடைக்கும். கதவு பூட்டியிருக்கிறதே என்று திரும்பிப் போகும் நடை இங்கே குறைவு. கேன் திரும்புவதற்கு ஊரிலேயே நல்ல லைன் இது. ஆனால் பணம் அப்படி அல்ல. சேலை நெய்து கொடுத்த பிறகுதான் கூலி கைக்கு வரும், ஆகவே தண்ணீர் கணக்கில்தான் போகும். பாக்கி ஏறிய வீட்டில் தண்ணீரை நிறுத்தினால் என்ன நடக்கும் என்று யோசிக்க வேண்டும். அந்த வீட்டில் நிற்கும் இரண்டு கேன் வராது. அவர்கள் வேறு ஆளிடம் அதே கேனைக் கொடுத்து நிரப்பி வாங்கிக்கொள்வார்கள். பாக்கி பேச்சையும் கேன் பேச்சையும் பிரித்துவைப்பதுதான் அனுபவம் உள்ள லைன்மேன் செய்வது. பணம் பிறகு வாங்குவார், காலியை விடமாட்டார்.

காந்தி சாலைப் பட்டுக்கடைகளுக்குக் கடை திறக்கும் முன்பே போய்ச் சேர வேண்டும். பத்து மணிக்குப் பிறகு வெளியூர் வண்டிகள் நின்றுவிட்டால் கேன் இறக்க இடமே கிடைக்காது. ஆவணி, தை, வைகாசி முகூர்த்தங்களுக்கு முந்தைய வாரங்களில் கடைக்குள் ஆள் கூட்டம். கேன் தேவையும் ஏறும். வாங்குபவர் பெரிய கடை, கேட்டதும் காசு வரும். கேனும் பின் அறையில் எண்ணி அடுக்கியிருக்கும். இந்த லைனில் பேச அதிகம் இல்லை.

கஷ்டமான லைன் சின்ன காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலின் வைகாசிப் பிரம்மோற்சவத்தில் பெருமாள் சின்ன காஞ்சியிலிருந்து பெரிய காஞ்சியின் கங்கைகொண்டான் மண்டபம் வரை பல கிலோமீட்டர் வீதியுலா வருவார். ஊரின் இரு பாதிகளையும் இணைக்கும் சாலையில் காலையில் வண்டி போகாது. அது மே, ஜூன் மாதம்; வெயிலும் கல்யாணமும் உச்சத்தில் இருக்கும் நேரம். தேவை அதிகமான பத்து நாளும் பாதை அடைபட்ட பத்து நாளும் ஒன்றாக வருகின்றன. திட்டத்தில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. சின்ன காஞ்சிப் பக்கம் நிழலான ஒரு சிறிய கிடங்கை முன்கூட்டியே பேசிவைத்து, முந்தின இரவே கேன்களை அங்கே இறக்க வேண்டும். காலையில் அங்கிருந்து தள்ளுவண்டியிலும் இருசக்கர வண்டியிலும் கொடுக்கலாம். இந்த நாட்களில் காலி திரும்புவது இரண்டு நாள் தாமதமாகும். அதற்குத் தகுந்த கூடுதல் கேன் கையில் இருக்க வேண்டும்.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நடந்த அத்திவரதர் வைபவத்தைப் போன்ற கூட்டத்துக்கு இந்தத் திட்டம் போதாது. அதற்காகப் போடவும் கூடாது. அது நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வருவது. பிரம்மோற்சவம் ஆண்டுக்கு ஆண்டு வருகிறது, அதற்குத்தான் திட்டம் வேண்டும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பாக்கெட் தடை செய்யப்பட்டிருப்பதால், பந்தல்களிலும் அன்னதானக் கூடங்களிலும் கேனுக்கான தேவை கூடியிருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பந்தலுக்குப் போன கேன் யார் பொறுப்பு என்று ஒரு பெயரை எழுதி வாங்காமல் இறக்கக் கூடாது.

இழப்பை அளப்பது

அதிகக் கேன் போவது கல்யாண மண்டபத்தில். நூறு கேன் இறங்கும். பந்தி முடிந்து மறுநாள் காலை போய் எண்ணினால் தொண்ணூற்று இரண்டு இருக்கும். மீதி எட்டும் திருட்டுப் போனவை அல்ல. சமையல்காரர் ஒன்றில் எண்ணெய் ஊற்றி எடுத்துப் போயிருப்பார். உறவினர் வேனில் வழிக்குத் தண்ணீர் வேண்டும் என்று இரண்டு ஏறியிருக்கும். மண்டபத்துக் கேனை மறுநாள் எண்ணக் கூடாது. பந்தி முடிந்த இரவே, ஒப்பந்தக்காரர் நிற்கும்போதே எண்ணிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

வீடுகளில் நடக்கும் இழப்பு மெதுவானது, கண்ணுக்குத் தெரியாதது. அதைக் காட்ட ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டு நடையில் 70 நிறைகேன் போனது, 66 காலி வந்தது. லைன்மேன் சொல்வார்: நாலுதான் குறைவு, இரண்டு புது வீடு, டெபாசிட் வாங்கியாச்சு, இரண்டு வீட்டில் பிறகு தருகிறேன் என்றார்கள். கேட்பதற்குப் பிரச்சினை இல்லாத கணக்கு. இப்போது அந்த 66-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் நான்கு வேறு ஆலையின் பெயர் பொறித்த கேன். நம்முடையது 62. அதிலும் ஒன்று மண்ணெண்ணெய் வாசனை, போட்டுவிட வேண்டியது. ஆக 70 போன இடத்தில், மறுபடி நிரப்பக்கூடிய நம் கேன் 61 வந்திருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் எழுதும் நோட்டில் இது தெரியாது. 'நிறை போனது, நம் காலி, பிற பெயர், ஒதுக்கியது' என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு வேண்டும். வண்டி வந்ததும் லைன்மேன் முன்னிலையிலேயே அதை நிரப்ப வேண்டும்.

பிற பெயர்க் கேன் வருவதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இவர் கேன் அவரிடம், அவர் கேன் இவரிடம், கடைசியில் சமமாகிவிடும் என்பார்கள். சமமாவதில்லை. புதுக் கேன் வாங்கிப் போட்டவருக்குப் பழைய கேன் வரும். பழையது வைத்திருப்பவருக்குப் புதியது போகும். நல்ல கேன் போடுகிறவர் மெல்ல மெல்ல ஊரின் கிழடு தட்டிய கேன்களுக்குச் சொந்தக்காரராகிவிடுவார். தண்ணீர் கெட்டதாகப் புகார் வந்தால் யாருடைய கேன், எந்த நாள் நிரப்பியது என்று தேடிப் போகவும் வழியில்லை. ஒரே ஊரில் உள்ள ஆலைகள் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பொது இடத்தில் கேன் மாற்றிக்கொண்டால் இது பாதிக்குமேல் தீரும். பொறித்த பெயரோடு, ஒவ்வொரு கேனுக்கும் அழியாத எண் போட்டால் இன்னும் நல்லது. எத்தனை முறை போய்வந்தது என்று அந்த எண்ணை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

இனி பணம். விலை, ஆயுள் இரண்டையும் கணக்குக்காக நானே வைத்துக்கொள்கிறேன். வாசகர் தன் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். கேன் விலை 180 ரூபாய், நல்லபடி இருந்தால் ஐம்பது முறை போய்வரும். எந்த இழப்பும் இல்லை என்றால் ஒரு நடைக்குக் கேன் செலவு 3 ரூபாய் 60 காசு. நூறுக்கு இரண்டு கேன் திரும்பாமல் போனால், சராசரியாக ஒரு கேன் முப்பத்திரண்டு நடைதான் தாங்கும். செலவு 5 ரூபாய் 70 காசாகிறது. நூறுக்கு நான்கு போனால் ஆயுள் இருபத்திரண்டு நடையாகச் சுருங்கி, செலவு 8 ரூபாய் 30 காசைத் தொடும். ஆலையிலிருந்து கேன் போகும் மொத்த விலையில் ஆலைக்குச் சில ரூபாய்தான் மிஞ்சும். அந்தச் சில ரூபாய் இந்த இரண்டுக்கும் நான்குக்கும் இடையில் காணாமல் போய்விடுகிறது. மின்கட்டணத்தில் பத்து காசு மிச்சம் பிடிக்க முயல்பவர் இதைப் பார்ப்பதில்லை.

கையில் எத்தனை கேன் வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. வீட்டில் ஒன்று பயன்பாட்டிலும் ஒன்று இருப்பிலுமாகக் கேன் சுமார் ஐந்து நாள் நிற்கும். திரும்பிக் கழுவி நிரப்ப ஒரு நாள். நாளுக்கு 300 கேன் என்றால் 1,800 கேன். கிருமிச் சோதனை தேறும்வரை இரண்டு நாள் நிறுத்திவைத்தால் இன்னும் 600, ஆக 2,400 கேன், 4 லட்சத்து 32 ஆயிரம் ரூபாய். தரத்துக்காக நிறுத்திவைப்பதன் விலை 1 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய்க் கேன் முதலீடு. திட்ட அறிக்கையில் இந்தத் தொகை இல்லாவிட்டால், சோதனை முடியுமுன்பே கேன் வண்டி ஏறிவிடும். ஆலைக்காரர் நல்லவரா இல்லையா என்பதை வைத்து அது நடப்பதில்லை. அவரிடம் நிறுத்திவைக்கக் கேன் இருக்காது, அவ்வளவுதான்.

டெபாசிட் எவ்வளவு வாங்குவது? கேன் விலையைவிடக் குறைந்த டெபாசிட், கேனைக் குறைந்த விலைக்கு விற்பதற்குச் சமம். போட்டியில் ஆள் பிடிக்க டெபாசிட்டே இல்லாமல் கேன் போடுபவர்கள் உண்டு. அவர்கள் கேன்தான் முதலில் செடித்தொட்டியாகிறது. டெபாசிட் பலிக்க இன்னொரு நிபந்தனையும் உண்டு: திருப்பிக் கொடுப்பது சுலபமாக இருக்க வேண்டும், கொடுத்ததும் பணம் கைக்கு வர வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் 2022-இல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கடையில் கொடுத்தால் திருப்பித் தரும் முறையைத் தொடங்கினார்கள். காட்டிலும் சாலையோரத்திலும் வீசப்பட்ட பாட்டில்கள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. பத்து ரூபாய்க்கே மக்கள் திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்றால், நூற்றைம்பது இருநூறு ரூபாய் டெபாசிட் உள்ள கேன் ஏன் வருவதில்லை? வீடு மாறிப் போகிறவர் ரசீதைத் தேட வேண்டியிருக்கிறது. லைன்மேன் ஆபீஸில் கேளுங்கள் என்கிறார், ஆபீஸ் ஊருக்கு வெளியே இருக்கிறது. அவர் கேனை விட்டுவிட்டுப் போகிறார் அல்லது எடுத்துக்கொண்டு போகிறார். லைன்மேன் கையிலேயே டெபாசிட் திருப்பிக் கொடுக்கும் அதிகாரமும் அதற்கான பணமும் இருந்தால் இந்தக் கேன்களில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, மண்டபக் கேன்கள் சும்மா நிற்கும். மொத்தக் கேன் இருப்பையும் எண்ணுவதற்கும், மங்கியவற்றையும் கீறியவற்றையும் உடைத்து பிளாஸ்டிக் வியாபாரியிடம் போடுவதற்கும் அதுதான் சமயம். உடைக்காமல் எடைக்குப் போடக் கூடாது. முழுசாகப் போட்ட கேனை யாராவது நிரப்பி, நம் பெயரோடு மறுபடி ஊருக்குள் விட்டுவிடுவார்கள்.

கேன் தண்ணீர் வாங்கும் காஞ்சிபுரத்து வீடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். கேன் வந்ததும் மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, நிரப்பிய தேதியும் ஆலையின் பெயரும் உரிம எண்ணும் எழுதியிருக்கின்றனவா, கேனில் பொறித்த பெயரும் ஒட்டிய லேபிளின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். தண்ணீர் தீர்ந்ததும் மூடியைத் திருகி, கேனை நிழலில் வையுங்கள். அதில் வேறு எதையும், ஒரு நாளைக்குக்கூட, ஊற்றிவைக்காதீர்கள். அந்தக் கேன் அடுத்த முறை வேறொரு வீட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுபோகும்.